வீட்டு வாசலில் மூன்று குவியல்

எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் வாசலில் சில மாதங்களாக மூன்று குவியல்கள் கிடக்கின்றன. ஒன்று கருங்கல் ஜல்லி. இன்னொன்று மணல். மூன்றாவது, தார்ப்பாய் போர்த்திய சிமென்ட் மூட்டைகள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் மாலை புவியியல் புத்தகத்தோடு வந்தாள். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று கட்டங்கள், அவற்றைச் சுற்றி வட்டமாக ஓடும் அம்புக்குறிகள். பாறைச் சுழற்சிப் படம். அதை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். படமாக வரைந்தும் காட்டினாள். பிறகு, "மாமா, இதெல்லாம் எங்க நடக்குது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவளை அந்த மூன்று குவியல்களிடம் கூட்டிக்கொண்டு போனேன். எரிமலையையும் இமயமலையையும் காட்டிச் சொல்லலாம்தான். ஆனால் நம் காலடியில் இருக்கும் கல்லே அந்தச் சுற்றில் பாதிக்குமேல் போய்வந்ததுதான்.

முதலில் ஜல்லி. புதிதாக உடைந்த ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளில் உடைத்த கல்லாக இருந்தால் கருமையோடு லேசான பச்சையும் நீலமும் கலந்திருக்கும். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பும் தெரியும். கல்லின் வெளிப்பக்கம் பழுப்பாக இருந்தாலும் உடைத்த முகம் இப்படித்தான் இருக்கும். இந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். உலகத்தின் எல்லா மூலையிலும் புவியியலாளர்கள் சொல்லும் இந்தப் பெயருக்கு மூலக்கல் நம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியைச் சேர்ந்தது.

பெயர் வந்த கதை கல்கத்தாவில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜோப் சார்னக் என்பவரின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் எழுதினார். வங்காளத்தின் வண்டல் மண்ணில் அப்படியொரு கல் கிடைக்க வழியில்லை. சென்னைக் குன்றுகளில் தாம் பார்த்த பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டார். சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பரங்கிமலையில் இந்தப் பாறை வெளித்தெரியும் இடம் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

இந்தக் கல்லுக்குச் சுமார் 250 கோடி வயது. அதைவிட எனக்கு வியப்பு, அது உருவான இடம். உள்ளே இருக்கும் கனிமங்களை வைத்து அதைக் கணக்கிட முடிகிறது. ஒவ்வொரு கனிமமும் குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும்தான் நிலையாக இருக்கும். சார்னகைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உண்டு. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கருங்கனிமமும் உண்டு. இந்தக் கூட்டணி அமைய 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் வேண்டும். அழுத்தத்தைக் கணக்கிட்டால், தலைக்குமேல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்திருக்க வேண்டும் என்று வருகிறது. கொத்தனார் கூடையில் அள்ளிப் போடும் ஜல்லி, ஒரு காலத்தில் அவ்வளவு ஆழத்தில் வெந்துகொண்டிருந்தது.

வெந்தது என்று சொன்னேன்; உருகியது என்று சொல்லவில்லை. மாணவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. பாறை முழுதாக உருகிக் குழம்பாகிப் பிறகு ஆறி இறுகினால் அது தீப்பாறை. உருகாமல், திடமாக இருக்கும்போதே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உள்ளே இருக்கும் கனிமங்கள் கலைந்து புதுக் கனிமங்களாக வளர்ந்தால் அது உருமாறிய பாறை. இட்லி மாவு ஆவியில் வேகும்போது இடத்தைவிட்டு ஓடுவதில்லை. ஆனால் வெந்தபின் அது மாவும் இல்லை. அதுபோல.

பாறை இப்படி மாறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோன இடம் ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் கப்பல்துர்கா என்ற குன்று. அதன் அடிவாரக் கல்குவாரி. அங்கே வெளிர்சாம்பல் நிறத்தில் வரிவரியான நைஸ் பாறை கிடக்கிறது. அதன் நடுவே, துணியில் எண்ணெய் சிந்திப் பரவியதுபோல, கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னகைட். நைஸின் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி மறைகின்றன. நைஸில் இருக்கும் கருப்பு அபிரகம் போன்ற கனிமங்கள் தங்கள் கட்டமைப்பில் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்திருப்பவை. ஆழத்தில் வெப்பம் ஏறி, கரியமில வாயு மிகுந்த திரவம் வெடிப்புகள் வழியே புகுந்தபோது அந்த நீர் வெளியேறியது. நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் பிறந்தது. கப்பல் குவாரிக்கு அறிஞர்கள் பலரும் ஒப்பும் விளக்கம் இதுதான்.

ஆனால் ஹாலந்து சார்னகைட்டைத் தீப்பாறை என்றே கருதினார். பின்னால் வந்தவர்கள் உருமாறிய பாறை என்றார்கள். சில இடங்களில் அது உண்மையிலேயே குழம்பிலிருந்து இறுகியதுபோலத்தான் தெரிகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பேச்சு ஓடுகிறது. எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்தப் பெண் கேட்டாள். தேர்வில் உருமாறிய பாறை என்று எழுது என்றேன். ஆனால் கட்டங்களை நாம்தான் போட்டோம். பாறை அவற்றைப் பார்த்து உருவாகவில்லை.

25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை பல்லாவரத்தில் வெயில் காய்வது எப்படி? யாரும் தோண்டி எடுக்கவில்லை. அதற்கு மேலே இருந்த பாறைதான் போய்விட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோமீட்டர் என்பது 25,000 மீட்டர். அதை 250 கோடி ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர். ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம்கூட இல்லை. உண்மையில் இது சீராக நடக்கவில்லை. மலைகள் எழுந்த காலங்களில் வேகமாகவும் மற்றக் காலங்களில் மிக மெதுவாகவும் அரிப்பு நடந்திருக்கும். சராசரி சொல்வது இவ்வளவுதான்: மழை பெய்யும் ஒரு நாட்டில், கண்ணுக்கே தெரியாத அரிப்பு போதும், காலம் மட்டும் இருந்தால்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். அப்படி அரித்துக்கொண்டே போனால் நிலம் எப்போதோ கடல்மட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டுமே, நீலகிரியும் சேர்வராயனும் எப்படி நிற்கின்றன? பாரம் ஏற்றிய தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளை இறக்க இறக்கத் தோணி மேலே எழும்பும். புவியின் மேலோடும் தனக்குக் கீழே உள்ள, தன்னைவிடக் கனமான கவசப் பாறையின்மேல் அப்படித்தான் மிதக்கிறது. அந்தக் கவசம் திரவமல்ல, திடப்பாறைதான். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று பார்த்தால் மெழுகுபோல மெல்ல நெளிந்துகொடுக்கும். மேலே 10 மீட்டர் பாறை அரிந்து போனால், பாரம் குறைந்து மேலோடு சுமார் 8 மீட்டர் எழும்பிவிடுகிறது. ஆக, உயரம் குறைவது 2 மீட்டர்தான். ஆனால் ஆழத்தில் இருந்த பாறை 10 மீட்டர் மேற்பரப்பை நெருங்கிவிட்டது. புத்தகத்துப் படத்தில் 'மேலுயர்தல்' என்று போட்டிருக்கும் ஒற்றை அம்புக்குறிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

சரி, போன பாறை எங்கே போனது? இரண்டாவது குவியலைப் பார்ப்போம்.

மழைநீர் விழும்போதே காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கினால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவால் அது இன்னும் கொஞ்சம் கூடும். இந்த நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி ஃபெல்ஸ்பாரைத் தாக்குகிறது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் பொட்டாசியமும் நீரில் கரைந்து போகின்றன. கருங்கனிமங்களில் உள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. நம் செம்மண்ணின் நிறம் அந்தத் துருதான். குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் ஆகாமல் தப்பிக்கிறது. சுற்றியிருந்தவை எல்லாம் இளகிப்போனதால் அது மணியாக உதிர்கிறது.

இதை மலையடிவாரத்தில் கண்ணால் பார்க்கலாம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிவைத்ததுபோல நிற்கும் உருண்டைப் பாறைகளை யாரும் உருட்டிக்கொண்டு வரவில்லை. அவை இருந்த இடத்திலேயே உருண்டையானவை. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்து பெட்டிபெட்டியாகப் பிரிகின்றன. பெட்டியின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து. மூலையை மூன்று பக்கத்திலிருந்து. அதனால் மூலைகள் முதலில் கரைந்து, வெங்காயத் தோல்போல ஏடுஏடாக உரிந்து, நடுவில் உருண்டை மிஞ்சுகிறது.

ஆறு அள்ளிக்கொண்டு போவது இந்த மிச்சங்களைத்தான். காவிரி குடகிலிருந்து கடல்வரை சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியெங்கும் பெரும்பாலும் நைஸும் சார்னகைட்டும் போன்ற பழம்பாறைகள்தான். களிமண் நீரோடு கலங்கிப் போகிறது. மணல் அடியில் உருண்டு போகிறது. கரைந்தவை கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. வேகம் குறையும் இடங்களில் கனமானது முதலில் தங்கும். இந்தத் தரம்பிரிப்பை ஆறு நமக்குக் காசில்லாமல் செய்துகொடுக்கிறது.

அந்த வாசலில் கிடந்தது ஆற்று மணல் அல்ல, எம்-சாண்ட். குவாரிக் கல்லை இயந்திரத்தில் அரைத்த மணல். அதுவும் பாடத்துக்கு உதவியது. வீட்டில் அவள் அம்மா பழைய பூந்தொட்டியில் வைத்திருந்த ஆற்று மணலில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கியால் பார்த்தோம். எம்-சாண்டின் மணிகள் முனைமுனையாக, சாம்பல் நிறமாக இருந்தன. கருப்பும் வெள்ளையுமாக எல்லாக் கனிமங்களும் பாறையில் இருந்த கணக்கிலேயே இருந்தன. ஆற்று மணலில் பெரும்பாலும் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், முனைகள் மழுங்கியிருந்தன. இடையில் இளஞ்சிவப்பாகச் சில மணிகள். இரண்டுமே ஒருவகைப் பாறையிலிருந்து வந்திருக்கலாம். ஒன்று ஒரு நிமிடத்தில் உடைந்தது. மற்றொன்று மழையிலும் ஆற்றிலும் நெடுங்காலம் தேய்ந்தது. வித்தியாசம் தாளின்மேல் தெரிந்தது.

அந்தச் சிவப்பு மணி கார்னெட். தென்கோடிக் கடற்கரைகளில் இது அலை ஒதுக்கிய சிவப்புப் பட்டையாகவே மணலில் படிந்திருக்கும். ஆழத்தில் வெந்த உருமாறிய பாறைகளில் நிறைய வளரும் கனிமம் அது. கடினமானது, கனமானது, எளிதில் சிதையாது. பாறை முழுக்க மணலாகிப் போன பிறகும் கார்னெட் மிஞ்சியிருந்தால், அந்த மணலின் தாய்ப்பாறை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

மணல் மீண்டும் பாறையாக என்ன வேண்டும்? முதலில் புதைய வேண்டும். மேலே அடுக்கடுக்காக வந்து விழும் மண்ணின் பாரத்தில் மணிகள் நெருங்கும். இடையில் இருந்த நீர் பிழியப்படும். சேறு இதில் பாதிக்கு மேல் இளைத்துவிடும்; மணல் அவ்வளவு இளைக்காது. பிறகு ஒட்ட வேண்டும். மணிகளுக்கிடையே ஊறும் நிலத்தடி நீர், தான் கரைத்துவைத்திருந்த சுண்ணாம்பையோ சிலிக்காவையோ இரும்புத் துருவையோ அங்கே படியவிடும். அதுதான் பசை. எந்தப் பசை என்பதைப் பொறுத்துக் கல்லின் நிறமும் பலமும் மாறும். கையால் உதிர்க்கக்கூடிய மணற்கல்லும் உண்டு; சுத்தியலுக்கு அசையாத மணற்கல்லும் உண்டு.

இதை நம் ஊரில் பார்க்க அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். மூன்றாவது குவியலின் ஊரும் அதுதான். அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் அங்கே கடல் இருந்தது.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது நம் கிழக்கோரம் விரிசல்விட்டு அமிழ்ந்தது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலத்தில் கடல் உள்ளே ஏறி, பிறகு பின்வாங்கி, மறுபடியும் ஏறியது. இன்றைய கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் காரை கிராமத்தில், செங்காடாக அரிந்து கிடக்கும் ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. கணவாயின் பழைய உறவான பெலம்னைட்டின் தோட்டாபோன்ற உட்கூடு, ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட் ஓடு என்று பலவகை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது. கடலுக்கு அடித்துவரப்பட்ட மரம் வண்டலில் புதைந்து, நீரில் கரைந்த சிலிக்கா அதன் நாருக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தில் கல் இருக்கிறது.

கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகளைத் தேட வேண்டியதில்லை, கல்லே சிப்பிதான். உள்ளங்கை அகலத்துக்கு ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. இந்த இடத்தில் அவளை ஒரு நிமிடம் யோசிக்கச் சொன்னேன். சிப்பி ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடல்நீரிலிருந்து. கடலுக்கு? ஆற்றிலிருந்து. ஆற்றுக்கு? மழைநீர் ஃபெல்ஸ்பாரையும் மற்றக் கனிமங்களையும் கரைத்ததிலிருந்து. "அப்ப ஜல்லிக்குள்ள இருந்ததுதான் சிமென்ட்டுக்குள்ளயும் வந்திருக்கா?" என்றாள். அந்தக் குறிப்பிட்ட குன்றிலிருந்துதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழி அதுதான். மலையின் ஒரு பகுதி களிமண்ணாகவும் ஒரு பகுதி மணலாகவும் போனது; கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன பகுதி ஓர் உயிரின் ஓடாகி, அந்த ஓடு கல்லாகியிருக்கிறது.

இந்தக் கடல் படிவுகளின் மேற்கு விளிம்பில், ஊட்டத்தூர்ப் பக்கம், அவை பழைய நைஸ் பாறையின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் இடங்கள் உண்டு. அடியடுக்குகளில் அந்த நைஸின் உடைந்த துண்டுகளே சிக்கியிருக்கும். கீழே உள்ள பாறை ஆழத்தில் வெந்தது. மேலே உள்ளது ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில், கீழ்ப்பாறை மேலெழுந்து, பல கிலோமீட்டர் அரிந்து, நிலமாகிக் காய்ந்து, பிறகு கடலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கதை கையகலத்துக்குக்கூட இடமில்லாமல் ஒரு கோடாகத் தெரிகிறது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1788-இல் சிக்கார் முனைக் கடலோரத்தில் இதேபோல ஒரு சந்திப்பைக் கண்டுதான், பாறைகள் உருவாகி அழிந்து மறுபடி உருவாகின்றன என்ற தன் கருத்துக்கு உறுதியான சாட்சியைப் பெற்றார். நம் மாணவர்கள் அதைப் பார்க்கக் கப்பலேற வேண்டியதில்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லின் கதை இத்துடன் முடியவில்லை. அதுவும் ஆழத்துக்குப் போனால் என்ன ஆகும்? அதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையிலும், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்திலும் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக் கல் எடுக்கிறார்கள். அரியலூர்க் கல்லையும் இந்தக் கல்லையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பொருள் என்று நம்புவது கடினம். இது கற்கண்டை உடைத்ததுபோல மின்னும். ஒவ்வொரு மணியும் தட்டையான முகங்களோடு ஒளியைத் திருப்பும். சிப்பியின் சுவடு ஒன்றுகூட இருக்காது. இவையும் முன்னொரு காலத்தில் நீரில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான். ஓடுள்ள உயிர்கள் உலகில் பரவுமுன்பே படிந்தவை. பிறகு மலைகள் எழுந்த காலத்தில் ஆழத்தில் அழுந்தி, வெந்து, நுண்ணிய துகள்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாக வளர்ந்துவிட்டன. சிப்பி இருந்திருந்தாலும் அந்த வேக்காட்டில் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

இரண்டும் ஒரே பொருள்தானா என்று சோதிக்க வழி இருக்கிறது. கல்லைக் கொஞ்சம் பொடியாகச் சுரண்டி அதன்மேல் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட வேண்டும். நுரைத்துக் குமிழி வந்தால் சுண்ணாம்புக் கல். அது வெளிவிடும் வாயு கரியமில வாயு. சார்னகைட்டிலோ மணற்கல்லிலோ குமிழி வராது. சுண்ணாம்புப் பசையுள்ள மணற்கல் மட்டும் நுரைத்து ஏமாற்றும்; அப்போது உருப்பெருக்கியில் மணல் மணிகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்று குவியலில் தீப்பாறை வரவில்லையே என்று அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். புவிக்குள் எங்கு பார்த்தாலும் கொதிக்கும் குழம்பு இருக்கிறது என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். கீழே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடுவது உண்மை. ஆனால் அழுத்தமும் சேர்ந்தே கூடுகிறது. அழுத்தம் பாறையை உருகவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் கவசம் அவ்வளவு சூட்டிலும் திடமாக இருக்கிறது. உருக வேண்டுமானால் அந்தப் பிடி தளர வேண்டும். சூடான பாறை மேலே எழும்போது அழுத்தம் குறைந்து உருகலாம். அல்லது நீர் புகுந்து, உருகும் வெப்பநிலையையே தாழ்த்தலாம். அல்லது கீழிருந்து வந்த குழம்பு பக்கத்துப் பாறையைச் சுட்டு உருக்கலாம்.

உருகும்போதும் பாறை முழுவதும் ஒரே நேரத்தில் உருகுவதில்லை. நீர் இருந்தால் 650, 700 டிகிரியிலேயே குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சேர்ந்து இளகத் தொடங்கிவிடும்; கருங்கனிமங்கள் இன்னும் திடமாக நிற்கும். இளகியது பிரிந்து, ஒன்றுசேர்ந்து, இலேசாக இருப்பதால் மேலே ஏறி, பாதி வழியில் ஆறி இறுகினால் கிரானைட். சேலம், நாமக்கல் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இப்படி ஏறி இறுகிய கிரானைட் இருக்கிறது. சுற்றியுள்ள பழம்பாறைகளைவிட மிக இளையது, 50 கோடியிலிருந்து 55 கோடி வயதுக்குள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, வரியில்லாமல், மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். வரி இல்லாததுதான் அடையாளம். குழம்பு நிதானமாக ஆறும்போது படிகங்கள் எந்தப் பக்கமும் வளரலாம். அழுத்தத்தில் மாறிய நைஸில் அவை ஒரே திசையில் வரிசைகட்டி நிற்கும். கடைகளில் கிரானைட் என்று விற்கும் சமையல்மேடைக் கல் எல்லாம் கிரானைட் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெருகேற்றும் கடினக்கல் எல்லாமே வியாபாரத்தில் கிரானைட்தான். கன்னங்கரேலென்று இருப்பவை பெரும்பாலும் வேறு பாறைகள்.

இப்போது புத்தகத்தின் படத்தை மறுபடி விரித்தோம். வட்டம் சரியில்லை என்று அவளே கண்டுபிடித்தாள். அரியலூர்க் கல் உருமாறவில்லை, உருகவுமில்லை. படிந்தபின் மேலே வந்து, மறுபடி மணலாகவும் சேறாகவும் அரிந்துகொண்டிருக்கிறது. மதுக்கரைக் கல் ஆழத்துக்குப் போய் மாறி, உருகாமலே திரும்பிவிட்டது. பல்லாவரத்துச் சார்னகைட், ஒருமுறை மேலே வந்தது முதல் கீழே போகவே இல்லை. எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் வழி உண்டு. படத்தில் வட்டத்துக்குள் குறுக்கே ஓடும் சின்ன அம்புகளை யாரும் கவனிப்பதில்லை. என் கணக்கில் முக்கியமானவை அவைதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஜல்லி, மணல், சிமென்ட், நீர். பெரிய கல், சிறிய மணி, இடைவெளியை நிரப்பும் சுண்ணாம்புப் பசை; ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்யும் கூட்டுப்பாறையை மேஸ்திரி அரை நாளில் செய்துவிடுகிறார். அந்த வேகம் கிடைப்பதற்கு ஆலையில் ஒரு விலை கொடுக்கிறோம். சூளையில் சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மழைநீர் காற்றிலிருந்து எடுத்து, பாறையைக் கரைத்து, சிப்பிகள் கடலடியில் பூட்டிவைத்த வாயு அது. பூட்டுப்போட ஆன காலம் கோடிக்கணக்கான ஆண்டுகள். சூளையில் அது சில மணி நேரத்தில் திறந்துகொள்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தங்கள் பழைய வீட்டு மாடிப்படியின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். மழைக்காலத்தில் நீர் ஒழுகும் இடம். கான்கிரீட்டின் விரிசலோரமாக வெள்ளைக் கோடு ஒன்று இறங்கி, நுனியில் பென்சில் கனத்துக்குச் சின்னக் குச்சியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒழுகும் நீர் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே வந்ததும் காற்றின் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு படிகிறது. உள்ளே ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்தாள். குச்சியின் நுனியைச் சுரண்டி, பொடியின்மேல் ஒரு சொட்டு விட்டாள். நுரைத்தது.